பாராட்டுக் காலை உணவும் கல்லெறி தூரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

பாசிக்குடாவில் இருக்கிற ஒரு ஹோட்டலின் வெப்சைட்டுக்குத் தமிழ்ப் பக்கம் நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. போன ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு நானா சிரித்துக்கொண்டே, "சேர் இப்ப ஹோட்டலுக்கு நோட்டீஸ் எழுதுறாராம்" என்றார். இன்னொருவர், "ஒரு பக்கத்தத் தமிழாக்க மூணு கிழம எதுக்கு சேர்?" என்று கேட்டார். முதலாமவருக்குச் சிரிப்போடு பதில் முடிந்துவிட்டது. இரண்டாமவரின் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

ஹோட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பதினான்கு அறைகள். முதலாளி கொழும்பில் இருக்கிறார். முகாமையாளர் என்னிடம் சாதாரண தரம் வரைக்கும் தமிழ் படித்த பிள்ளை. 2019 இலும், பிறகு கொரோனாவிலும், 2022 நெருக்கடியிலும் வெள்ளைக்காரர் வராமல் போனபோது அந்த இடத்தை இழுத்து மூடாமல் காப்பாற்றியது வார இறுதியிலும் பாடசாலை விடுமுறையிலும் வேன் பிடித்து வந்த நம் குடும்பங்கள்தான். அதனால் முதலாளி ஒரு தமிழ்ப் பக்கம் போடச் சொல்லியிருக்கிறார். கொழும்பில் ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில், சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கட்டி, செய்தும் எடுத்துவிட்டார்கள். அது வந்து சேர்ந்த அன்று முகாமையாளர் அதை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "சேர், எழுத்துப் பிழ மட்டும் பாத்துத் தாங்க" என்றார்.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. தொடக்கம் இப்படி இருந்தது:

"பாசிக்குடாவின் தீண்டப்படாத கடற்கரையில் கூடுகட்டியுள்ள எமது நன்கு நியமிக்கப்பட்ட அறைகள் உங்களுக்கு வீட்டிற்கு வெளியே ஒரு வீட்டை வழங்குகின்றன. அலைகள் உங்கள் வாசலை முத்தமிட விழித்தெழுங்கள். கடல் ஒரு கல்லெறி தூரத்திலேயே உள்ளது. பாராட்டுக் காலை உணவு வழங்கப்படும்."

ஆசிரியர் ஓய்வறையில் இதை வாசித்துக் காட்டினேன். "நன்கு நியமிக்கப்பட்ட அறைகள்" என்ற இடத்தில், ஐந்து வருடமாக நிரந்தர நியமனத்துக்கு அலைகிற ஒரு தம்பி, "அந்த அறைக்கு எந்த மினிஸ்டர் சேர் நியமனம் குடுத்த?" என்றார். ஆங்கிலத்தில் அந்தச் சொல், தேவையான தளபாடம் எல்லாம் போட்டு வைத்த அறை என்று பொருள்படும். வேலைக்கு ஆள் போடுவதற்கும் அதே வினைதான். மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டார். பாராட்டுக் காலை உணவும் அப்படித்தான். காலைச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு இல்லை என்பதே அதன் அர்த்தம். யாரும் யாரையும் பாராட்டவில்லை.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழைகள். அகராதிப் பிழையை யாரும் கண்டுபிடிப்பார்கள், திருத்தலாம். ஆனால் அதே நாலு வரியில் வேறு வகைப் பிழைகளும் இருக்கின்றன. அவற்றில் அகராதி சரிதான், ஆள்தான் மாறிவிட்டார். "தீண்டப்படாத" என்ற சொல்லைக் கடற்கரைக்குப் போட்டால், தமிழில் அது சாதியின் பெயரால் மனிதரை ஒதுக்கி வைத்த சொல்லாகத்தான் முதலில் காதில் விழும். "வீட்டிற்கு வெளியே ஒரு வீடு" என்றால் நம் ஊரில் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள். "கல்லெறி தூரம்" என்பதைக் கேட்டு ஆங்கிலேயனுக்குப் பக்கத்தில் என்ற எண்ணம் வரும். ஹர்த்தாலும் கலவரமும் பார்த்து வளர்ந்த நமக்குக் கண்ணாடி உடைகிற சத்தம்தான் வரும். இத்தனைக்கும், அதே பொருளுக்கு நம்மிடம் "கூப்பிடு தூரம்" என்ற அருமையான சொல் இருக்கிறது. கடலில் குளிக்கிற பிள்ளையைச் சாப்பிட வா என்று அறை வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்த ஒரு சொல்லிலேயே ஒரு குடும்பம் வந்துவிடுகிறது.

முகாமையாளரிடம், "இதைத் திருத்த முடியாது, புதிதாக எழுத வேண்டும்" என்று சொல்லிவிட்டு நானே எழுதினேன். இரண்டு இரவு. இங்கேதான் என் பிழை தொடங்குகிறது.

இருபது வருடம் கட்டுரைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திய கை. "எழில் கொஞ்சும் நெய்தல் நிலத்தில், நீலக்கடல் தாலாட்ட, மனதை மயக்கும் மாலைப் பொழுதில்" என்று போனது என் எழுத்து. நல்ல தமிழ் என்று எனக்கே ஒரு பெருமை. வீட்டில் வாசித்துக் காட்டினேன். மகள், "வாப்பா, இது மீலாத் விழாப் பேச்சுப் போட்டி மாதிரி இருக்கு" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம போறதெண்டா உம்மாவோட ஒம்பது பேர். எங்க படுக்கிற?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த ஹோட்டலில் ஒன்பது பேர் எங்கே படுப்பது என்பது அதில் இல்லை. ஆங்கிலப் பக்கத்திலும் இல்லை. ஏனென்றால் அது இருவராக வருகிற வெள்ளைக்கார சோடிக்கு எழுதப்பட்டது. அவர்கள் வருவது ஆளில்லாத இடம் தேடி. நாம் போவது ஆட்களைக் கூட்டிக்கொண்டு. அவர்களை இழுக்கிற ஒவ்வொரு சொல்லும் நம்மைத் தள்ளிவிடக்கூடியது. "தனிமையான" என்றால் அவர்களுக்கு நிம்மதி. குமர்ப் பிள்ளைகளோடு போகிற தாய்க்கு அது பயம். இவ்வளவு காலம் யுத்தத்துக்குள் கிடந்த மாகாணத்தில் "ஒதுக்குப்புறமான இடம்" என்று யாராவது ஆசை காட்டுவார்களா? "ஓலை வேய்ந்த நாட்டுப்புறக் குடில்" என்று இன்னொரு வரி இருந்தது. பாதிப் பேர் ஓலை வீட்டில் பிறந்து, பாடுபட்டு ஓடு போட்டவர்கள். காசு கொடுத்துத் திரும்பவும் ஓலைக்குள் படுக்கச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? அந்தக் குடிலுக்குள் ஏசி இருக்கிறது, ஒட்டினாற்போல் குளியலறை இருக்கிறது, சுடுதண்ணீர் வருகிறது. அதைச் சொல்லிவிட்டுக் கூரையைப் பற்றிக் கடைசியில் சொன்னால் போதும்.

என் இரண்டு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டு, மனைவி, மாமி, பக்கத்து வீட்டு ராத்தா ஆகிய மூவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். "பாசிக்குடாவில ரெண்டு நாள் தங்கப் போறதெண்டா முதல்ல என்ன கேப்பீங்க?" அவர்கள் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதினேன். பிள்ளைகள் கடலில் இறங்கலாமா, ஆழமா? சாப்பாடு யார் சமைக்கிறார்கள்? ஹலாலா? ஒரு அறையில் எத்தனை பேரை விடுவார்கள், மெத்தை தருவார்களா? வேன் டிரைவர் எங்கே படுப்பார்? பெண்கள் குளிக்க மறைவாக இடம் உண்டா? குடிக்கிற ஆட்கள் பக்கத்தில் இருப்பார்களா? தொழ இடம் உண்டா? மொத்தம் எவ்வளவு முடியும்? பாடசாலையில் எங்களோடு படிப்பிக்கிற, கல்குடாப் பக்கத்து டீச்சர் ஒருவரிடமும் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, "வெள்ளிக்கிழமைல சைவச் சாப்பாடு வேற சட்டியில சமைப்பாங்களா சேர்?" என்பது.

அந்தக் கொப்பியோடு ஒரு சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போய் முகாமையாளரோடு ஒவ்வொரு அறையாக நடந்தேன். மொழிபெயர்ப்பு வேலை என்று நினைத்தவருக்கு, நான் கட்டிலை அளப்பதைப் பார்த்து ஆச்சரியம். அங்கே தெரிந்தவை ஆங்கிலத்தில் எங்கேயும் இல்லாதவை. கீழ்மாடியில் இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரு கதவு இருக்கிறது. திறந்துவிட்டால் ஒன்றாகிவிடும், நாலு பெரியவரும் ஐந்து பிள்ளைகளும் படுக்கலாம். மேலதிக மெத்தை கேட்டால் தருகிறார்கள். டிரைவர்மாருக்குப் பின்னால் ஓர் அறை, மூன்று கட்டில், காசு இல்லை. கீழ் அறைகளுக்குப் படி கிடையாது, முழங்கால் வலிக்காரரும் போகலாம். இத்தனையும் இருந்தும், பக்கத்தில் "முடிவிலி நீச்சல் தடாகம்" என்றுதான் முதல் படம்.

பிறகு கடல். பாசிக்குடாவை நம் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. குடாவுக்குள் கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் கிடக்கும். வெகுதூரம் நடந்து போன பிறகும் இடுப்பளவு தண்ணீர்தான். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை குளம் மாதிரி இருக்கும். மாரியில் அப்படியில்லை. ஆங்கிலப் பக்கத்தில் இந்த ஆழமில்லாத கடல் பற்றிய செய்தி ஒன்பதாவது வரியில், அலைச்சறுக்குக்கு இது ஏற்ற இடமல்ல என்று வருத்தப்படுகிற மாதிரி வருகிறது. நமக்கு அதுதான் முதல் வரி. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிறவன் அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வருகிறான்.

ஒரு பந்தியைத் தமிழாக்குகிறபோது வாக்கியங்களின் வரிசையையும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் பெரும்பாலான தமிழ் வெப்சைட்டுகள் அந்த வரிசைக்கு அடிமை. எதை முதலில் சொல்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வாசிக்கிறவர்.

அடுத்ததுதான் என்னை உட்கார வைத்தது. இரண்டாவது வரைவை எழுதி முடித்து, கல்குடா டீச்சரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அதில் பழைய வரி ஒன்றை அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டு வைத்திருந்தேன். "முத்தமிட" என்பதை மட்டும் எடுத்துவிட்டு, "காலையில் கண் விழித்தால் வாசலில் அலை" என்று மாற்றியிருந்தேன். சுருக்கமாக, ஓசையோடு இருக்கிறது என்று நினைத்தேன். அவர் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். தாளை மேசையில் வைத்தார். "சேர், வாசலுக்கு அலை வந்த அண்டு என்ட அக்காட ரெண்டு பிள்ளையளும் போயிட்டுதுகள்" என்றார்.

2004 டிசம்பர் 26. கல்குடாவும் பாசிக்குடாவும் அன்று என்னவாயின என்று இந்தப் பதிவை வாசிக்கிற உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பேனையைப் பிடித்தபோது அது நினைவுக்கு வரவில்லை, ஆங்கில வரியின் அழகுதான் கண்ணில் நின்றது. வெளிநாட்டவனுக்குக் கடலுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு விலை. இந்தக் கரையில் பிறந்த நாற்பது வயதுப் பெண் அந்த வரியை வாசித்தால் அவள் பார்ப்பது விலையை அல்ல.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீங்க வேணுமெண்டு எழுதல்லயே சேர்" என்றுவிட்டு வகுப்புக்குப் போனார். நான் அன்று பின்னேரமே ஹோட்டலுக்குப் போய், கடலோரத்திலிருந்து முதல் அறை வாசல் வரை காலடி எண்ணினேன். நூற்றுப் பத்து எட்டு. நடுவில் தோட்டம், தென்னைகள், ஒரு சிறு மதில். மேல்மாடியில் ஆறு அறைகள். அந்த வரி போய், அந்த இடத்தில் வந்தது இதுதான்: "அறையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். நடுவில் தென்னந்தோட்டம் இருக்கிறது. மேல்மாடி அறை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்." சுனாமி என்ற சொல் அதில் இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு மேல்மாடி என்ற சொல் போதும்.

இனி ஹலால் பிரச்சினை. கொழும்பிலிருந்து முதலாளி போன் பண்ணினார். மரியாதையான மனிதர். "சேர், ஹலால் எண்டு பெரிசாப் போடுங்க. உங்கட ஆக்கள் வருவாங்க" என்றார். நான் முகாமையாளரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். கோழியும் மாட்டிறைச்சியும் ஓட்டமாவடியில் நம் கடைகளில்தான் வாங்குகிறார்கள். அது உண்மை. ஆனால் வெள்ளைக்காரருக்குக் காலையில் பன்றி இறைச்சி பொரிக்கிறார்கள், அதே சமையலறை, அதே தட்டுகள். தடாகத்துக்குப் பக்கத்தில் மதுபானமும் உண்டு. "அப்ப நான் ஹலால் எண்டு எழுதேலாது" என்றேன். "வாங்குறது ஹலால் தானே சேர்?" என்றார். "வாங்குறது ஹலால். தாறது என்னெண்டு தெரியாது" என்றேன்.

முதலாளிக்கு அது ஒரு சொல். ஆங்கிலப் பக்கத்திலும் அந்தச் சொல் இருக்கிறது, சைவம், க்ளூட்டன் இல்லாதது என்ற பட்டியலில் மூன்றாவதாக, கேட்டால் செய்து தருவோம் என்ற பொருளில். அதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் பொருள் மாறிவிடும். தமிழ்ப் பக்கத்தை வாசிக்கிற முஸ்லிம், "கேட்டால் உண்டு" என்று எடுக்கமாட்டார், முழுச் சமையலறையும் ஹலால் என்றுதான் எடுப்பார். உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, காலையில் பக்கத்து மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு, அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்று விசாரிப்பார். ஊர் சின்னது. என் பெயர் வரும். அது ஒரு பக்கம் இருக்க, அவர் உம்மா சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒரு கிழமை இழுபறி. கடைசியில் வழி முகாமையாளரிடமிருந்தே வந்தது. அவருடைய மாமி முறையான ஒரு பெண் வீட்டில் சமைத்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பவர். முதல் நாள் சொன்னால் மூன்று வேளையும் அவர் வீட்டிலிருந்து, அவருடைய சட்டி, அவருடைய தட்டுகளில் வரும். சாப்பிடத் தோட்டத்துப் பக்கம் ஒரு தனிக் கொட்டகை. ஹோட்டல் அதற்கு ஒத்துக்கொண்டது. சைவத்துக்கும் அதே போல ஓர் ஏற்பாடு, கல்குடாவில் ஒரு வீட்டோடு. இப்போது எழுத ஏதோ இருந்தது. நான் பக்கத்தை மாற்றப் போக, ஹோட்டல் கொஞ்சம் மாறியது என்றும் சொல்லலாம். பெண்களுக்குத் தனிக் குளிக்கும் நேரம் கேட்டேன், தடாகத்தில் அது சரிவராது என்றார்கள். சரி, அதை எழுதவில்லை. இல்லாததைப் பற்றி இனிமையாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது நல்லது.

இனி வாக்கியம். தமிழ் வாத்தியார் என்பதால் இதில் ஒரு பந்தி பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை முதலில் வைத்துவிட்டு அதன் வால் போல விவரங்களைத் தொங்கவிடலாம். தமிழில் விவரம் எல்லாம் பெயருக்கு முன்னால் வர வேண்டும். "தோட்டத்தைப் பார்த்த, ஏசி பொருத்தப்பட்ட, இணைந்த குளியலறையைக் கொண்ட, நான்கு பேர் தங்கக்கூடிய அறைகள்" என்று எழுதினால், அறை வந்து சேர்வதற்குள் மூச்சு முட்டிவிடும். போனில் வாசிக்கிறவருக்கு நாலு வரி கடந்த பிறகுதான் எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும். இதற்கு மருந்து உடைப்பதுதான். "அறையில் நாலு பேர் தங்கலாம். ஏசி உண்டு. குளியலறை உள்ளேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தோட்டம்." இன்னொன்று, "உங்கள்". ஆங்கிலத்தில் அது இல்லாமல் நடக்காது. தமிழில் உங்கள் குடும்பம், உங்கள் அறை, உங்கள் விடுமுறை என்று வரிக்கு வரி போட்டால், காப்புறுதி விற்க வந்தவர் பேசுகிற மாதிரி ஆகிவிடும். நான் எண்ணினேன், கொழும்பிலிருந்து வந்த பக்கத்தில் இருபத்தாறு "உங்கள்". என்னுடையதில் மூன்று மிஞ்சியது. "வழங்கப்படும்", "அமைந்துள்ளது", "ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது" எல்லாம் வலயக் கல்வி அலுவலகத்துச் சுற்றறிக்கைக்கு உரியவை. அந்தத் தொனியில் யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

அதற்காகப் பேச்சுத் தமிழில் எழுதவும் துணியவில்லை. "வாங்க, தங்குங்க" என்று ஒரு வரைவு முயன்று பார்த்தேன். நமக்கு நெருக்கமாக இருந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் அனுப்பியபோது, வேறு ஊர் வானொலி விளம்பரம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஒவ்வோர் ஊர்ப் பேச்சும் ஒவ்வொரு மாதிரி. சின்னச் சின்ன வாக்கியமாக, எல்லோருக்கும் பொதுவான எழுத்துத் தமிழ், ஆனால் சொற்கள் வீட்டுச் சொற்கள், என்று முடிவெடுத்தேன். காலைச் சாப்பாட்டுக்கு "பாரம்பரிய இலங்கை உணவு வகைகள்" என்று இருந்ததை எடுத்துவிட்டு, "காலையில் இடியப்பம், பால் சொதி, கட்டச்சம்பல், அல்லது பிட்டும் மீன் கறியும்" என்று போட்டேன். பாரம்பரியம் என்ற சொல்லுக்குப் பசி வராது.

பட்டனிலும் ஒரு சண்டை. ஆங்கிலத்தில் இரண்டே சின்னச் சொல். தமிழில் "இப்போதே முன்பதிவு செய்யுங்கள்" என்று போட்டால் போன் திரையில் பட்டன் மூன்று வரியாக உடைகிறது. அழகை விடுங்கள், பதிவு என்றால் நம் ஆட்களுக்குக் கல்யாணப் பதிவு, பிறப்புப் பதிவு, பிறகு திரும்பிப் போக முடியாத ஒன்று. அதோடு நம் ஆட்கள் படிவம் நிரப்புவதில்லை, பேசிப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அதனால் பட்டனில் "அறை கேட்க" என்று மட்டும் போட்டோம், தட்டினால் வட்ஸ்அப் திறக்கும். தலைப்பில் மட்டும் நான் தோற்றேன். நம் பேச்சில் ஹோட்டல் என்றால் பராட்டாவும் கொத்தும் போடுகிற சாப்பாட்டுக் கடை. அதனால் "தங்குமிடம்" என்று வைக்க நினைத்தேன். என் உம்மா காலத்து "வாடி வீடு" கூட மனதில் வந்தது. ஆனால் தேடுகிறவர்கள் "பாசிக்குடா ஹோட்டல்" என்றுதான் அடிக்கிறார்கள் என்று வெப்சைட் செய்கிற தம்பி காட்டினார். தலைப்பில் ஹோட்டல், உள்ளே தங்குமிடம்.

மூன்று கிழமை கழித்து நின்ற பந்தி இது:

"பாசிக்குடாவில் கடல் ஆழமில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அலையும் குறைவு. பெரியவர் ஒருவர் கூட நின்றால் சின்னப் பிள்ளைகளும் ஆசை தீரக் குளிக்கலாம். அறையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். நடுவில் தென்னந்தோட்டம் இருக்கிறது. மேல்மாடி அறை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். குடும்பமாக வருகிறவர்களுக்கு, நடுக்கதவைத் திறந்து இரண்டு அறைகளை ஒன்றாக்கித் தருகிறோம். ஒன்பது பேர் படுக்கலாம். வேன் சாரதிக்குத் தனி அறை உண்டு, அதற்குக் காசில்லை. எங்கள் சமையலறையில் வெளிநாட்டு விருந்தினருக்காகப் பன்றி இறைச்சியும் சமைக்கிறோம். ஹலால் சாப்பாடு வேண்டியவர்களுக்கு ஊரில் ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து, சைவம் வேண்டியவர்களுக்கு ஒரு சைவ வீட்டிலிருந்து, அவரவர் பாத்திரத்தில் சாப்பாடு வரும். முதல் நாள் சொன்னால் போதும். தொழுவதற்கு இடமும் விரிப்பும் உண்டு. தடாகத்தின் பக்கம் மதுபானம் உண்டு. தோட்டத்துப் பக்கத்து அறைகளுக்கு அந்தச் சந்தடி வராது."

பன்றி இறைச்சி என்ற சொல்லைப் பார்த்து முதலாளி தலையில் கை வைத்தார். "விளம்பரத்தில யாராவது இதப் போடுவாங்களா சேர்?" என்றார். நியாயமான கேள்வி. நான் சொன்னேன், அதை மறைத்தால் அடுத்து வருகிற ஹலால் வரியை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒரு குறையை வாயால் சொன்னவன் சொல்கிற நல்லதை நம் ஆட்கள் நம்புவார்கள். கடையில் "இந்த மீன் நேத்தையது, இது இண்டையது" என்று சொல்கிறவரிடம்தானே நாம் திரும்பவும் போகிறோம். ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றார்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. போன் எடுக்கிற தங்கச்சியிடம் மட்டும் கேட்டேன், என்ன கேட்கிறார்கள் என்று. முன்பு "அங்க என்ன சாப்பாடு, எத்தன பேர விடுவீங்க, கடல் ஆழமா" என்று பத்து நிமிடம் கேட்டுவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிடுவார்களாம். இப்போது, "நடுக்கதவு ரூம் பதினெட்டாம் திகதி இருக்கா?" என்று தொடங்குகிறார்களாம். ஏறாவூரிலிருந்து ஒரு பெரியவர், "அந்த வீட்டுச் சாப்பாட்டுப் பொம்புளையிட நம்பரையே தாங்களன்" என்றாராம்.

இரண்டு கிழமைக்கு முன்னால் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பன்றி இறைச்சி வரியைக் காணவில்லை, ஹலால் வரி மட்டும் நின்றது. முகாமையாளருக்குப் போன் பண்ணினேன். "முதலாளி எடுக்கச் சொன்ன சேர்" என்றார். "அப்படியெண்டா ஹலால் வரியையும் எடுங்க மகன், இல்லாட்டி ரெண்டையும் வைங்க" என்றேன். மறுநாள் இரண்டும் இருந்தன. இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் போகுமுன் போனில் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். இருக்கிறது.